அம்மாவுக்கு மூன்று துண்டுகளாக வந்த செய்தி

சென்னையில் பஸ் ஏறிய ஒரு பெண், திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா கையில் இருப்பது பழைய பட்டன் போன். மகள் தட்டியது இவ்வளவுதான்: "அம்மா, பஸ் ஏறிட்டேன். இரவு 10 மணிக்குத் திருச்சி வந்துடுவேன். அண்ணனை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆட்டோ பிடிச்சு வர்றேன். சாப்பாடு எடுத்து வை. ரசம் மட்டும் போதும்."

அம்மாவின் போனில் முதலில் வந்தது "அண்ணன" என்று பாதியில் நின்ற ஒரு செய்தி. அடுத்து வந்தது, தலை இல்லாமல் "எடுத்து வை. ரசம் மட்டும் போதும்" என்று ஒரு துண்டு. எதை எடுத்து வைப்பது என்று யோசித்த அம்மா, அண்ணன் பெயர் அடிபட்டதால் மகனை ஒன்பதரைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார். "வேண்டாம்" என்ற சொல்லைச் சுமந்த நடுத்துண்டு பதினைந்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது.

இப்படி நடக்கும்போது "டவர் சரியில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். டவருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் செய்தியை வெட்டியது டவர் அல்ல. மகளின் போனே வெட்டித்தான் அனுப்பியது. எந்தத் துண்டு முதல், எது இரண்டாவது என்று ஒவ்வொன்றிலும் எழுதியும் அனுப்பியது. அந்தக் குறிப்பை அம்மாவின் போன் படிக்கவில்லை.

வெட்ட வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? குறுஞ்செய்தி, பேச்சு போகும் பாதையில் போவதில்லை. உங்களுக்கு அழைப்பு வருகிறது, நீங்கள் இந்த டவருக்குக் கீழே இருக்கிறீர்கள் என்பன போன்ற தகவல்களை வலையமைப்பு தனக்குள் பரிமாறிக்கொள்ள ஒரு தனிப் பாதை வைத்திருக்கிறது. அந்தப் பாதை பெரும்பாலான நேரம் காலியாகவே கிடக்கும். அதில் சின்னச் சின்னச் செய்திகளை ஏற்றி அனுப்பலாமே என்பதுதான் 1980களில் ஐரோப்பாவில் ஜி.எஸ்.எம். முறையை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றிய யோசனை. பாதை இரவல் என்பதால் பொட்டலமும் சின்னது: ஒரு செய்திக்கு 140 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால் மொத்தம் 1,120 பிட்.

ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் இவற்றுக்கு ஆளுக்கு 7 பிட் போதும் என்று வைத்தார்கள். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. மனிதருக்கு 160 எழுத்து போதுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் குழுவில் இருந்த ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட், 1985-ல் பான் நகரத்தில் தன் வீட்டில் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து மனதில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்தாராம். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கின. அஞ்சலட்டைகளில் மக்கள் எழுதுவதும் பெரும்பாலும் 150 எழுத்துக்குள் முடிந்துவிடுவதைக் கண்டு இது போதும் என்று முடிவு செய்தார்கள். அவர் எண்ணியவை எல்லாம் லத்தீன் எழுத்துகள் என்பதைத் தமிழர்களாகிய நாம் மறக்கக் கூடாது.

ஏனென்றால் தமிழ் எழுத்துகள் அந்த 7 பிட் பட்டியலில் கிடையாது. தமிழில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறிவிடும். அதில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. அதாவது 160 இருந்த இடத்தில் 70. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. "க" ஒரு குறியீடு; "கி" என்பது க-வும் இகரக் குறியுமாக இரண்டு; "க்" என்பதும் புள்ளியோடு சேர்த்து இரண்டு. "திருச்சி" நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு எட்டுக் குறியீடு.

மகளின் செய்தியை இந்தக் கணக்கில் இடைவெளி, முற்றுப்புள்ளி உட்பட எண்ணினால் 168 குறியீடுகள் வருகின்றன. இதையே "Amma, bus eritten" என்கிற பாணியில் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் 154 எழுத்தில் முடிந்து, ஒரே பொட்டலத்தில் போயிருக்கும். தமிழில் எழுதியதற்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்குக் கட்டணம் என்றால் மூன்று மடங்கு கட்டணம். (ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் தப்புவதில்லை. நூறு எழுத்துச் செய்தியின் கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டால் போதும், மொத்தமும் 16 பிட்டுக்குத் தாவி இரண்டாகப் பிளந்துகொள்ளும்.)

168-ஐ எழுபது எழுபதாக வெட்டினாலும் மூன்றுதான். ஆனால் போன் 70-ல் வெட்டுவதில்லை, 67-ல் வெட்டுகிறது. மிச்சம் மூன்று குறியீடுகளின் இடம், அதாவது 6 பைட், ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒட்டப்படும் ஒரு சீட்டுக்குப் போகிறது. மகளின் மூன்று துண்டுகளின் சீட்டுகள் இப்படி இருக்கும்:

```
05 00 03 2A 03 01
05 00 03 2A 03 02
05 00 03 2A 03 03
```

முதல் மூன்று எண்களும் "இனி வருவது செய்தி அல்ல, சீட்டு, இது துண்டுகளை ஒட்டுவதற்கான சீட்டு" என்ற அறிவிப்பு. அடுத்த `2A` இந்தச் செய்தியின் அடையாள எண். அதற்கடுத்த `03` மொத்தம் மூன்று துண்டு என்கிறது. கடைசி எண், இது எத்தனையாவது துண்டு என்பது. பெறும் போன் செய்ய வேண்டியது எளிது: ஒரே எண்ணிலிருந்து வந்த, ஒரே அடையாள எண் கொண்ட துண்டுகளைச் சேர்த்து வைத்து, மூன்றும் வந்ததும் 1, 2, 3 என்று அடுக்கி, சீட்டைக் கிழித்துவிட்டு ஒரே செய்தியாகக் காட்ட வேண்டும். எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை.

சீட்டைப் படிக்காத போனில் துண்டுகள் இப்படித் தெரியும்:

```
அம்மா, பஸ் ஏறிட்டேன். இரவு 10 மணிக்குத் திருச்சி வந்துடுவேன். அண்ணன
ை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆட்டோ பிடிச்சு வர்றேன். சாப்பாட
ு எடுத்து வை. ரசம் மட்டும் போதும்.
```

67-வது குறியீடு "அண்ணனை" என்ற சொல்லின் கடைசி ன-வில் விழுந்துவிட்டது. ஐகாரக் குறி தனியாக அடுத்த துண்டுக்குப் போய், ஏறி உட்கார எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் நிற்கிறது. "சாப்பாடு"ம் அதே போல உகரத்தை இழந்துவிட்டது. சில போன்கள் எழுத்தை உடைக்காமல் ஒரு குறியீடு முன்னதாகவே வெட்டும் அளவுக்கு நாசூக்கானவை. ஆனால் விதி அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. துண்டு துண்டாக வரும் தமிழ்ச் செய்திகளில் சொல்லின் தலையில் புள்ளிவட்டம் தெரிந்தால், அது எழுத்துரு கோளாறு அல்ல, வெட்டு விழுந்த இடம்.

சரி, வெட்டியாகிவிட்டது. வரிசை ஏன் மாறியது?

மகளின் போனிலிருந்து மூன்று துண்டுகளும் வரிசையாகத்தான் கிளம்பின. அவை போய்ச் சேர்ந்தது அம்மாவின் போனுக்கு அல்ல, மகளுடைய நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கு. இது தபால் பிரிப்பகம் மாதிரி: வாங்கி வைத்துக்கொள்ளும், பெறுநர் எங்கே என்று விசாரிக்கும், கொடுத்துப் பார்க்கும், முடியாவிட்டால் வைத்திருந்து பிறகு மறுபடி முயலும். இந்தப் பிரிப்பகத்துக்கு மூன்று துண்டுகளும் மூன்று தனிக் கடிதங்கள். தலையில் ஒட்டிய சீட்டு உறைக்கு உள்ளே இருக்கிறது. அது பெறும் போனுக்கு எழுதப்பட்டது. மூன்றும் ஒரே குடும்பம் என்று கவனித்து நடத்த வேண்டிய கடமை மையத்துக்கு இல்லை.

முதல் துண்டு அம்மாவின் போனை அடைந்தது. அந்த நேரம் அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறார். சிக்னல் சில நொடிகள் அறுந்தது. இரண்டாவது துண்டுக்காக டவர் கூப்பிட்டபோது பதில் இல்லை. "ஆள் இல்லை" என்ற குறிப்போடு அது மையத்துக்குத் திரும்பி, மறுமுயற்சி வரிசையில் போய் நின்றது. அடுத்த முயற்சி எப்போது என்பது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கும் கால அட்டவணையைப் பொறுத்தது. சில நிமிடங்களாகவும் இருக்கும், தோல்வி தொடர்ந்தால் இடைவெளி நீண்டுகொண்டே போகும். இதற்குள் அம்மா முன்கட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாவது துண்டு தன் முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. நடுத்துண்டு தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இதைத் தவிர்க்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மையம் ஒரு துண்டைக் கொடுக்கும்போது, "இன்னும் இருக்கிறது, போய்விடாதே" என்று ஒரு குறி வைக்கலாம். அப்போது போனுக்கும் டவருக்கும் இடையே திறந்த தொடர்பு மூடப்படாமல், துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். சில மையங்கள் ஒரு துண்டு தோற்றால் அந்த எண்ணுக்கான மற்றவற்றையும் நிறுத்திவைக்கும். இப்படிச் செய்யும் இடங்களில் குழப்பம் குறைவு. செய்யாத இடங்களில், ஒவ்வொரு துண்டுக்கும் போனைப் புதிதாகத் தேடி, புதிதாகத் தொடர்பு திறக்கிறார்கள். ஒவ்வொரு தேடலும் தோற்பதற்கு ஒரு வாய்ப்பு.

வலையமைப்பில் எல்லாமே ஒழுங்காக நடந்தும் வரிசை கலைவதுண்டு. பழைய போன்களின் இன்பாக்ஸில் புதிய செய்தி மேலே இருக்கும். மூன்று துண்டுகள் சரியான வரிசையில் வந்தாலும் அம்மா முதலில் திறப்பது மூன்றாவதை! இன்னொன்று நேர முத்திரை. ஒவ்வொரு துண்டிலும் மையம் வாங்கிய நேரம் பதிக்கப்படுகிறது. அது நொடி வரைக்கும்தான், அதற்குக் கீழே இல்லை. இரண்டு துண்டுகள் ஒரே நொடியில் மையத்துக்கு வந்திருந்தால் அவற்றின் முத்திரை ஒன்றே. முத்திரையை வைத்து அடுக்கும் போனுக்கு எது முதல் என்று தெரியாது. ஏதோ ஒன்றை மேலே வைக்கும்.

பட்டன் போன்கள் எல்லாவற்றையும் குற்றம் சொல்வது நியாயமல்ல. சீட்டைப் படித்து ஒட்டத் தெரிந்த பட்டன் போன்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு வேறு ஒரு தொல்லை: இடம். சிம் அட்டையில் குறுஞ்செய்திக்கென்று ஒதுக்கிய அறைகள் உண்டு, ஒவ்வொரு அறையும் 176 பைட், ஒரு துண்டுக்கு ஒரு அறை. மகளின் செய்திக்கு மூன்று அறை வேண்டும். அம்மா வருஷக்கணக்கில் எதையும் அழிக்காமல் வைத்திருந்து ஒரே ஒரு அறைதான் காலி என்றால், முதல் துண்டை வாங்கிக்கொண்ட போன் அடுத்ததை "இடமில்லை" என்று திருப்பி அனுப்பும். பிறகு எப்போதோ நான்கு விளம்பரச் செய்திகளை அழிக்கும்போது, போன் "இப்போது இடம் இருக்கிறது" என்று வலையமைப்புக்குச் சொல்ல, மீதித் துண்டுகள் திடீரென்று வந்து விழும். நேற்று இரவு எழுதிய செய்தியின் வால் இன்று காலை வருவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துண்டுகள் கண்ணில் படுவதே அரிது. ஆண்ட்ராய்டு போன், வந்த துண்டுகளை இன்பாக்ஸில் காட்டாமல் `raw` என்ற தனி அட்டவணையில் அடையாள எண், மொத்தம், வரிசை எண்ணோடு ஒதுக்கி வைக்கிறது. எல்லாம் சேர்ந்ததும் ஒட்டிக் காட்டுகிறது. அழகான ஏற்பாடு, ஒரு துண்டு தொலையாத வரை. தொலைந்தால், வந்த இரண்டும்கூட உங்களுக்குத் தெரியாது. சில நாள் காத்திருந்துவிட்டு சத்தமில்லாமல் அவற்றை அது தூக்கிப்போட்டுவிடும். அனுப்பியவர் "அனுப்பினேனே" என்பார், நீங்கள் "வரவே இல்லை" என்பீர்கள், இரண்டும் உண்மையாக இருக்கும். என்னைக் கேட்டால் பட்டன் போனின் அலங்கோலமே மேல். தலையில்லாத துண்டைப் பார்த்தால் அம்மா மகளைக் கூப்பிட்டுக் கேட்கவாவது செய்வார்.

அடையாள எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. மேலே பார்த்த சீட்டில் அதற்கு ஒரு பைட்தான். 256 எண்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். தனி மனிதர்களுக்கு இது தாராளம். மொத்தமாகச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்று சோம்பேறித்தனமாக எல்லாச் செய்திக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால், போனில் பழைய செய்தியின் தொலைந்த துண்டுக்காகக் காத்திருக்கும் தலையோடு புதிய செய்தியின் வால் ஒட்டிக்கொள்ளும். முதல் பாதி போன வார ரசீது, இரண்டாம் பாதி இன்றைய அறிவிப்பு என்று வந்தால் நடந்தது இதுதான். இதற்காகவே இரண்டு பைட் அடையாள எண் கொண்ட இன்னொரு சீட்டையும் விதியில் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் தமிழுக்குத் துண்டுக்கு 66 குறியீடுதான் மிஞ்சும்.

சீட்டே இல்லாமல் வெட்டிய வலையமைப்புகளும் இருந்தன. அமெரிக்காவில் வெரைசான், ஸ்பிரின்ட் போன்றவை பயன்படுத்திய சி.டி.எம்.ஏ. முறையில் இந்த ஒட்டும் வேலை ஜி.எஸ்.எம்.-ல் போலப் பரவலாக நிலைபெறவில்லை. அங்கே நீளமான செய்தி 160 எழுத்துத் தனிச் செய்திகளாகவே பிரிந்து போனது; முன்னால் (1/2), (2/2) என்று எண் போட்டதுண்டு. அந்த எண்கள் மனிதர் படிப்பதற்கானவை. போனுக்கு அவையும் வெறும் எழுத்துதான், அவற்றைப் பார்த்து அது அடுக்காது. இந்தக் காலத்தின் எச்சம் இன்றைய ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது: எந்த நிறுவனத்தின் சிம் என்பதைப் பொறுத்து, நீண்ட செய்தியைத் தனித்தனிச் செய்திகளாகவே அனுப்பு என்று சொல்ல `sendMultipartSmsAsSeparateMessages` என்றொரு அமைப்பு வைத்திருக்கிறார்கள்.

தமிழுக்கு 70-தான் விதியா என்றால், ஏட்டளவில் இல்லை. இந்திய மொழிகளுக்கென்று 7 பிட் அட்டவணைகளைப் பன்னாட்டு விதிநூலில் சேர்த்திருக்கிறார்கள். அதில் தமிழின் எண் 11. அனுப்பும் போன் தலைச்சீட்டில் "11-ஆம் அட்டவணையைப் பார்த்துப் படி" என்று எழுதிவிட்டால், ஒரே பொட்டலத்தில் 155 குறியீடுகள் வரை போகும். மகளின் செய்தி மூன்றுக்குப் பதில் இரண்டு துண்டாகியிருக்கும். ஆனால் பெறும் போனுக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். தெரியாத போனில் பொருளற்ற எழுத்துக் குவியல் வரும். எதிரில் இருப்பவர் போனுக்குத் தெரியுமா என்று அனுப்பும் போனுக்குத் தெரிய வழியில்லை. அதனால் நடைமுறையில் இது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடக்கிறது. யூனிகோடு ஏறக்குறைய எல்லா போனுக்கும் புரியும், இடத்தைத் தின்றாலும் பரவாயில்லை என்று உலகம் முடிவு செய்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு போனுக்கு மட்டும் செய்திகள் துண்டாக வருகின்றன என்றால், குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. `1234567890` என்பதை இடைவெளி இல்லாமல் பதினேழு முறை அடுத்தடுத்துத் தட்டுங்கள். 170 எழுத்து. தமிழோ சிரிப்பு முகமோ கலக்காமல், வாட்ஸ்அப்பில் அல்ல, சாதாரணக் குறுஞ்செய்தியாக அந்த போனுக்கு அனுப்புங்கள். ஒரே செய்தியாக வந்தால் அந்த போனுக்கு ஒட்டத் தெரிந்திருக்கிறது. கோளாறு இடப் பற்றாக்குறை, சிக்னல் இவற்றில் இருக்கலாம். இரண்டாக வந்தால் முதல் துண்டின் கடைசி எண்ணைப் பாருங்கள்.

அது 3 என்றால் வெட்டு 153-ல் விழுந்திருக்கிறது. அதாவது சீட்டுக்கு இடம் விட்டு முறையாக வெட்டி அனுப்பியிருக்கிறார்கள், வாங்கிய போன்தான் சீட்டைப் படிக்கவில்லை. துண்டின் தொடக்கத்தில் இரண்டு மூன்று விநோதக் குறிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தச் சீட்டைத்தான் அது எழுத்து என்று நினைத்து அச்சடித்திருக்கிறது. கடைசி எண் 0 என்றால் வெட்டு 160-ல். சீட்டே ஒட்டாமல் வெட்டியிருக்கிறார்கள், எந்த போனை மாற்றினாலும் அது ஒட்டாது. அனுப்பும் போனின் அமைப்பைப் பார்க்க வேண்டும், அல்லது நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அதுவரை அந்த எண்ணுக்குத் தமிழில் எழுதும்போது, "வேண்டாம்" என்பதை முதல் 67 குறியீட்டுக்குள் எழுதிவிடுங்கள்.